யாரிடம், எதை, எப்போது: தேர்வுக்கு முன் நாள் தள்ளிப்போன ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

எங்கள் கல்லூரி மருத்துவ அறையின் வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், பதிவு எண், வந்த நேரம், வந்த காரணம் என்று அதில் நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் உண்மையாக நிரப்பப்படும். நான்காவதில் "தலைவலி" என்ற சொல் பக்கம் பக்கமாக வரிசைகட்டி நிற்கும். பதிவேடு திறந்தே கிடக்கிறது, அடுத்து வருபவர் முன்னால் வந்தவருக்கு என்னவென்று படித்துவிட முடிகிறது என்பதுதான் இத்தனை தலைவலிகளுக்கும் காரணம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இந்த ஆய்வுக்குரிய மாணவியும் இரண்டு முறை தலைவலி என்றே எழுதியிருந்தாள். வயது 20, இறுதி ஆண்டு, விடுதியில் ஒரு தோழியோடு ஒரே அறை. நடந்தவற்றை மாதத் தேதிகளால் சொல்லாமல், அவளுடைய கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளை 1-ஆம் நாளாக வைத்து எண்ணிச் சொல்கிறேன். இந்த நிகழ்வில் முடிச்சு விழுந்ததும் அவிழ்ந்ததும் அந்த எண்ணிக்கையில்தான். அவளுக்கு வழக்கமாக 28 முதல் 31 நாள்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும். தேர்வு 41-ஆம் நாள் தொடங்கி 56-ஆம் நாள் முடிவதாக இருந்தது.

முதல் வருகை

முதல் முறை அவள் வந்தது 34-ஆம் நாள். குமட்டுகிறது, வயிறு எரிகிறது, இரவில் தூக்கம் வரவில்லை என்றாள். தேர்வு நெருங்கும் வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதையே சொல்வார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், எத்தனை வேளை சாப்பிடுகிறாய் என்று கேட்டேன், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்கவில்லை.

குமட்டல் என்று சொல்லும் இந்த வயதுப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது மருத்துவ மாணவர்களுக்கே தெரியும். வெளியே வரிசை நின்றது, அறைத் தோழி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்பதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். இரண்டாம் முறை வந்தபோது அவளே சொன்னாள்: "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டாக்டர். நானா ஆரம்பிக்க வாய் வரல." சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தவள் ஒரு மருத்துவரின் எதிரே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அமில மாத்திரையோடு திரும்பிப் போயிருக்கிறாள்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்

அவள் மறுபடி வந்தது 36-ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு. இம்முறை செவிலியர் தோழியை வெளியே உட்காரச் சொன்னார். யார் கூட வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் நோயாளி மட்டும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அவர் தாமாகவே கடைப்பிடித்த வழக்கம். அன்று அவர் விடுப்பில் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கே இடமிருந்திருக்காது.

மாணவி எதுவும் பேசாமல் செய்முறைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். பென்சிலால் நான்கு பேரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு வாக்கியம் குறித்திருந்தாள். அம்மா: "யாருன்னு கேப்பாங்க." அவன்: "நிச்சயமாவான்னு கேப்பான்." அறைத் தோழி: "பயப்படாதடி, டென்ஷன்தான்னு சொல்லுவா." வகுப்புப் பொறுப்பு ஆசிரியை: "லீவ் லெட்டர் எழுதுன்னு சொல்லுவாங்க." நால்வரையும் அடித்துவிட்டு, அடியில் "பரீட்சை முடியட்டும்" என்று எழுதிக் கோடிட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் என்ன செய்வார் என்று அவள் எழுதவில்லை. கேட்டவுடன் முதலில் என்ன சொல்வார் என்றுதான் எழுதியிருக்கிறாள். அந்த முதல் வாக்கியத்தைத் தாங்க முடியுமா என்பதே அவளுக்கு அளவுகோல். அவள் கற்பனை செய்த நான்கு மறுமொழிகளில் ஒன்றுகூட நாளைப் பற்றியது அல்ல என்பதும் என் கண்ணில் பட்டது. எந்த நாள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கக்கூடிய ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அம்மாவிடம் வாயெடுக்க முடியாததற்கு மொழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "நாள் தள்ளிப்போயிருக்கு" என்பது தமிழில் வெறும் தாமதத்தைச் சொல்லும் வாக்கியம் அல்ல. கேட்கும் காதில் அது "உண்டாகியிருக்கிறாள்" என்றே விழும். தேர்வுப் பதற்றத்தால் ஒரு வாரம் தாமதமாகிறது என்று சொல்ல நினைப்பவளுக்கும் வேறு சொல் அகப்படுவதில்லை. அவள் கைபேசியில் அம்மாவுக்கு மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்திருக்கிறாள்.

தோழியிடம் மட்டும் பாதியைச் சொல்லியிருந்தாள்: "இன்னும் வரல." அந்தப் பாதிக்கு ஏற்ற உதவியைத் தோழியும் செய்திருந்தாள். தன் அக்கா ஒருமுறை போட்டுக்கொண்டது என்று நார்எதிஸ்டெரோன் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்து, ஐந்து நாள் போட்டு நிறுத்தினால் வந்துவிடும் என்று கொடுத்திருந்தாள். அன்றிரவு தொடங்குவதாக இருந்த அந்த அட்டை அவள் பையிலேயே இருந்தது.

இந்த மாத்திரையைப் பற்றிச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் தேர்வுக் காலத்தில் இது கைமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கரு இல்லாதபோது இதைச் சில நாள் போட்டு நிறுத்தினால், அடுத்த சில நாள்களில் இரத்தப்போக்கு வரக்கூடும். கரு இருந்தால் வராது. கருவை இது கலைக்கவும் செய்யாது. மாத்திரை போடும் ஐந்து நாளும், "இன்று வரும், நாளை வரும்" என்று அதற்குப் பின் காத்திருக்கும் நாள்களுமாகப் பத்து நாளுக்கு மேல் கழிந்த பிறகும், தெரிய வேண்டியது தெரியாமலே இருக்கும். தோழியின் மேல் குற்றமில்லை. பாதிக் கேள்விக்கு அவள் முழு மனதோடு விடை கொண்டுவந்தாள்.

பேனாப் பெட்டிக்குள் இருந்த பட்டை

"நானே டெஸ்ட் பண்ணிட்டேன் டாக்டர்" என்று அவள் பேனாப் பெட்டியைத் திறந்தபோது, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய பரிசோதனைப் பட்டை ஒன்று உள்ளே இருந்தது. 33-ஆம் நாள் மாலை செய்தது. சிறுநீர் வர வேண்டுமே என்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, விடுதியின் பொதுக் கழிப்பறையில் அவசரமாகச் செய்திருக்கிறாள். வெளியே யாரோ கதவைத் தட்ட, பட்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டு வந்துவிட்டாள். தோழி தூங்கிய பிறகு, ஏறக்குறைய நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது கோடு தெரிந்திருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து என் முன் வந்து உட்கார்ந்த நேரம்வரை, மூன்று நாள், தான் கர்ப்பமாக இருப்பதாகவே அவள் வாழ்ந்திருக்கிறாள்.

பட்டையை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். 'சி' என்று குறித்த இடத்தில் கோடு அழுத்தமான இளஞ்சிவப்பில் இருந்தது. பட்டை சரியாக வேலை செய்தது என்பதற்கு அது அடையாளம். 'டி' என்ற இடத்தில் இருந்ததோ, காகிதத்தில் நீர் உலர்ந்தால் படியும் விளிம்பைப் போன்ற, நிறமில்லாத சாம்பல் கீற்று. ஈரம் உலர்ந்த பிறகு இப்படி ஒரு தடம் தோன்றுவது உண்டு. அதனால்தான் உறையில் குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலான பட்டைகளில் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள், பார்த்துவிட வேண்டும் என்றும், பத்து நிமிடத்துக்குப் பிறகு தெரிவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றும் சொல்கிறார்கள். உரிய நேரத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். அப்போது கர்ப்பம் என்றே கொள்ள வேண்டும். நேரம் கடந்து நிறமில்லாமல் தெரிவது எதையும் சொல்லாது. கர்ப்பம் இல்லை என்றும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதை அவளிடம் தனியாக அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் அதற்குள்ளாகவே அவள் முகம் தெளியத் தொடங்கியிருந்தது.

அப்போதே எங்கள் அறையில் இன்னொரு பட்டை வைத்துச் சோதித்தோம். நான்கு மணி நேரம் கழிப்பறைக்குப் போகவில்லை என்றாள், அது போதும். ஐந்து நிமிடத்தில் ஒரே கோடு. பட்டியலில் இருந்தவர்களில் யாரிடம் போயிருந்தாலும் விசாரணை இங்கே முடிந்திருக்கும்: ஒரு கோடுதான், போய்ப் படி.

கேட்கப்படாமல் இருந்த நாள்

அவள் என்னிடம் அதுவரை சொல்லியிருந்தது ஒரு நாளைத்தான். 11-ஆம் நாள் ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள், ஏறக்குறைய இருபது மணி நேரத்துக்குள், 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். 72 மணி நேரக் கெடுவுக்குள் சரியாகச் செய்ததை அவள் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். நான் கேட்டேன்: "அதுதான் கடைசியா?"

அவள் பேசவில்லை. மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்து, எழுதாமல் திருப்பித் திருப்பி உருட்டினாள். பிறகு, "19-ஆம் நாள் ஒரு தடவை. ஆனா அது கணக்குல வராது டாக்டர். கடைசி நேரத்துல விலகிக்கிட்டோம். மாத்திரையும் இந்த மாசம் போட்டாச்சு" என்றாள்.

மாத்திரை அந்த மாதம் முழுவதற்கும் காப்பு என்று நினைப்பவர்கள் மிகப் பலர். லெவோநார்ஜெஸ்ட்ரல் முக்கியமாகச் செய்வது, சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்ட விந்தணுக்கள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கக்கூடும். அவை செயலிழந்த பிறகு முட்டை வரட்டும் என்று காலம் கடத்துவதே அதன் உத்தி. ஆனால் தள்ளிப்போன முட்டை வராமல் போய்விடாது, சில நாள் கழித்து வரும். ஆகவே மாத்திரை போட்ட பிறகு அதே சுழற்சியில் நேரும் பாதுகாப்பற்ற உறவில் கருத்தரிக்க முழு வாய்ப்பு உண்டு. அவள் கணக்கில் வராது என்று ஒதுக்கிய 19-ஆம் நாள்தான் கணக்கு முழுவதையும் மாற்றக்கூடிய நாள். விலகிக்கொள்வதும் நம்பத்தக்க தடுப்பு அல்ல.

காகிதத்தில் இருவருமாக எழுதிப் பார்த்தோம். 19-ஆம் நாள் உள்ளே சென்ற விந்தணு அதிகபட்சம் 24-ஆம் நாள்வரை காத்திருக்கலாம். அன்று முட்டை வந்து கருவானால், அது கருப்பையில் பதிய ஆறு முதல் பன்னிரண்டு நாள்வரை ஆகலாம். மிகத் தாமதமாக என்றால் 36-ஆம் நாள். பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகி, பட்டை காட்டும் அளவை எட்டும். அதற்கு இன்னும் சில நாள் விட்டால் 40-ஆம் நாள். கடைசி உறவிலிருந்து 21 நாள் கழிந்த பின் செய்யும் பரிசோதனையை நம்பலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கூட்டலிலிருந்து வருவதுதான். 11-ஆம் நாளிலிருந்து எண்ணியிருந்தால் 32-ஆம் நாளே கெடு முடிந்திருக்கும், 36-ஆம் நாள் எங்கள் அறையில் கண்ட ஒரு கோடு இறுதி விடையாகியிருக்கும். 19-ஆம் நாளிலிருந்து எண்ணினால் அது பதினேழாம் நாளின் விடை மட்டுமே. உறுதியான விடை 40-ஆம் நாள் காலை, அதாவது தேர்வுக்கு முந்தின நாள்.

அப்படியென்றால் மாதவிடாய் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாள். முட்டை வெளிவந்த பிறகு மாதவிடாய்க்கு ஆகும் காலம் ஏறக்குறைய இரண்டு வாரம், அது பெரிதாக மாறுவதில்லை; நீள்வதும் குறுகுவதும் முட்டை வருவதற்கு முந்தின பகுதிதான். மாத்திரை அந்தப் பகுதியைத்தான் நீட்டும். அதோடு அவள் ஐந்து வாரமாக இரவில் நான்கு மணி நேரமே தூங்கி, காலை உணவை விட்டு, மூன்று கிலோ இளைத்திருந்தாள். உடலுக்கு உணவும் உறக்கமும் குறையும்போது மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் தூண்டல் மந்தமாகி முட்டை தாமதமாவது தெரிந்த விஷயம். இரண்டில் எது எத்தனை நாளைத் தள்ளியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 29-ஆம் நாளுக்குப் பிறகு "ஐயோ வரவில்லையே" என்று பதறியதால் தாமதம் கூடிவிட்டதோ என்ற அவளுடைய அச்சத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. தாமதம் அதற்கு வெகு முன்பே தீர்மானமாகியிருக்கும்.

"பரீட்சை முடியட்டும்"

அடித்த நான்கு பெயர்களுக்குக் கீழே கோடிட்டிருந்த அந்த வரிக்கு அடுத்து வந்தோம். 40-ஆம் நாள் பரிசோதனையில் இரண்டு கோடு வந்து, தேர்வு முடியும்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளையே எண்ணச் சொன்னேன். கர்ப்பத்தின் வாரங்கள் உறவு நடந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. அந்தக் கணக்கில் தேர்வு தொடங்கும்போது ஆறாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும், 56-ஆம் நாள் எட்டு வாரத்தைத் தொட்டிருக்கும். கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், பதிந்துவிடும் அரிதான நிலை தன்னைக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்தான். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, இரத்தக் கசிவு, தலைசுற்றி மயக்கம், சில வேளை தோள்பட்டை நுனியில் காரணம் தெரியாத வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இரவே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அவள் மௌனத்துக்கு என்று ஒதுக்கிய பதினாறு நாளும் ஏறக்குறைய அந்த வாரங்களின் மேலேயே விழுந்தன.

இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "அப்போ ராத்திரி பக்கத்துல இருக்கறவளுக்குத் தெரியணும்" என்றாள்.

யாரிடம் சொல்வது என்ற கேள்வியை அவள் மாற்றிக் கேட்ட இடம் அது. அதுவரை ஆறுதல் தருபவர் யார், திட்டாதவர் யார் என்று தேடினாள். இப்போது என்ன நேர்ந்தால் யார் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பார்த்தாள். நான் அவளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. அது என் வேலையும் அல்ல. யாரை நம்பலாம் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவள் போட்டதை அப்படியே பதிவு செய்கிறேன்.

தோழியை உடனே உள்ளே அழைக்கச் சொன்னாள். இரண்டு நாளையும் சொன்னாள், அவன் பெயரைச் சொல்லவில்லை. தோழி முதலில் சொன்னது, பென்சிலில் எழுதியிருந்தது போலவே, "பயப்படாதடி." அடுத்து மாத்திரை அட்டையைத் தானே எடுத்து என் மேசையில் வைத்தாள். வலி, மயக்கம், இரத்தக் கசிவு என்ற மூன்றையும் நான் அவளிடம் சொல்ல, தன் கைபேசியில் குறித்துக்கொண்டு எங்கள் அவசர எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

அவனிடம் அன்றிரவு தொலைபேசியில் சொன்னாள். அழுவதற்கோ முடிவெடுப்பதற்கோ அல்லாமல், 40-ஆம் நாள் காலை விடை தெரியும் என்ற செய்தியைத் தெரிவிக்க மட்டும். அவன் "நிச்சயமா?" என்றுதான் கேட்டானாம். "நிச்சயம் இல்ல, அதுக்குத்தான் நாப்பதாம் நாள்" என்று சொன்னதும், அன்றைக்கு வரட்டுமா என்றான். வர வேண்டாம், போனை அணைக்காமல் வை என்றாள்.

அம்மாவிடம் 37-ஆம் நாள் சொன்னாள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. "பீரியட்ஸ் ஒரு வாரத்துக்கு மேல லேட்டாகுதும்மா, டாக்டர்கிட்ட காட்டியிருக்கேன், சாப்பாடு தூக்கம் சரியில்லன்னு சொன்னாங்க." சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. இதை நான் ஏற்றுக்கொண்டேனா என்று சக மருத்துவர் ஒருவர் பின்னர் கேட்டார். அம்மா முழு விவரத்தையும் அறிந்தால்தான் நடக்கும் என்ற காரியம் எதுவும் அந்த நாலு நாளில் இல்லை. தாமதம் தெரிந்திருந்தால், நிலைமை மாறும்போது பேச்சைத் தொடங்க ஒரு நுனி கையில் இருக்கும். இரண்டு கோடு வந்தால் அம்மாவிடம் போகும் முன் அக்காவிடம் சொல்வது என்றும் அவள் முடிவு செய்திருந்தாள். முதல் பட்டியலில் அக்காவின் பெயரே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியல, அதான்" என்றாள்.

ஆசிரியையிடம் சொல்ல எதுவும் இல்லை என்று விட்டுவிட்டாள். தேர்வு எழுத முடியாத நிலை வந்தால் காரணம் குறிப்பிடாத மருத்துவச் சான்றிதழ் நான் தருவதாகச் சொல்லியிருந்தேன், அது போதுமானதாக இருந்தது.

40-ஆம் நாளும் பிறகும்

40-ஆம் நாள் காலை எழுந்தவுடன் எடுத்த சிறுநீரைச் சிறு குப்பியில் கொண்டுவந்தாள். இரவு முழுவதும் தேங்கிய சிறுநீரில் ஹார்மோனின் செறிவு அதிகம் என்பதால் அப்படிச் சொல்லியிருந்தோம். பட்டையை அவளே நனைத்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஐந்தாம் நிமிடம் ஒரே கோடு. என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தானே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "வெச்சிருந்தா நாப்பது நிமிஷம் கழிச்சு மறுபடி பாப்பேன்" என்றாள்.

44-ஆம் நாள் விடியற்காலையில், ஒரு தாளை முடித்து அடுத்ததற்குப் படித்துக்கொண்டிருந்தபோது, மாதவிடாய் வந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பின்னோக்கிப் போனால் முட்டை ஏறக்குறைய 30-ஆம் நாள் வெளிவந்திருக்க வேண்டும். 19-ஆம் நாளின் அபாயம் உண்மையானதுதான். முட்டை ஆறேழு நாள் முந்தி வந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். இதை அவளிடம் மறைக்கவில்லை. தேர்வு முடிந்து அவள் வந்தபோது பேச்சில் பாதி நேரம் தொடர்ந்து பயன்படுத்தத்தக்க கருத்தடை முறைகளைப் பற்றியே போனது. எடையும் தூக்கமும் திரும்பும்வரை அடுத்த சுழற்சிகளைக் குறித்து வரச் சொன்னேன். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால் தைராய்டு, புரோலாக்டின் அளவுகளையும் சினைப்பையையும் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்தது 32 நாளில் வந்தது என்று பின்னர் தெரிவித்தாள்.

தேர்வின்போது அம்மா தொலைபேசியில் "வந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். "வந்துடுச்சும்மா" என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு "சரி, சாப்பிட்டியா?" என்றாராம். "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ டாக்டர்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று அவள் வாசலில் நின்று பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் நேரத்தையும் எழுதினாள். நான்காவது கட்டம் அப்போது அதில் இல்லை.